ஐந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது ஆறாவது ஆள் எப்படி உள்ளே போவது?

வாசு_வடவள்ளி:
சின்ன விஷயம்தான், ஆனால் மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது. கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காலை பதினொரு மணிக்கும் மாலை நாலரைக்கும் எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போவார்கள். நான் கையில் இருக்கிற பில் கட்டை முடித்துவிட்டு இறங்க ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதற்குள் அவர்கள் நிறுத்தியிருக்கும் வண்டிகளை ஒட்டி வட்டம் கட்டிப் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர். சீனியர் ஒருவர், ராஜா அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு போர் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணூறு அடி போயும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிதான் வந்ததாம். நான் டீயை வாங்கிக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். யாரும் திரும்பவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். கடைசியில் பொறுக்க முடியாமல் "என்ன சார் ஆச்சு?" என்றேன். அவர் கதையை நிறுத்தி, "ஒண்ணுமில்லப்பா, போர் போட்ட கதை" என்றார். ஒருத்தர் மணி பார்த்தார். இன்னொருத்தர் டம்ளரை வைக்கப் போனார். கதை அத்தோடு செத்தது.

இன்றைக்கு நாலு அடி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மோசம். ஒட்டுக்கேட்கிற மாதிரி எனக்கே தோன்றியது.

எங்கே நிற்பது, எப்போது போவது, முதலில் என்ன சொல்வது? "சகஜமா இருங்க" என்ற பதில் வேண்டாம், அதை என் அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

சேல்ஸ்_சரவணன்:
தம்பி, நான் பன்னிரண்டு வருடம் மெடிக்கல் ரெப். டாக்டர்கள் மாநாடு என்றால் தெரியாத கூட்டத்துக்குள் நுழைவதுதான் என் பிழைப்பு. இரண்டே விஷயம். ஒன்று, முதுகுக்குப் பின்னால் நிற்காதே. இரண்டு, பேச்சில் ஒரு இடைவெளி வரும், அதுவரை காத்திரு. வந்ததும் கையை நீட்டிப் பேரைச் சொல். "வணக்கம், நான் வாசு, புதுசா சேர்ந்திருக்கேன்." முடிந்தது. யாரும் கடித்துத் தின்ன மாட்டார்கள்.

பெரியசாமி_பொள்ளாச்சி:
பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது நல்ல பழக்கம் அல்ல என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாங்களே அதை உணர்ந்து வருந்துவது பாராட்டத்தக்கது. இனிமேல் தனியாக டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

வாசு_வடவள்ளி:
ஐயா, ஒட்டுக்கேட்பதை நிறுத்துவது எப்படி என்று நான் கேட்கவில்லை. அந்தப் பேச்சில் சேர்வது எப்படி என்றுதான் கேட்டேன்.

கேலிக்கிளி:
ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு போங்கள். வட்டம் தானாகத் திறக்கும்.

மல்லிகைத்தெரு:
கேலிக்கிளி சொன்னதில் உண்மை இருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் உரையாடல் ஆய்வு செய்தவள். நாலு வருடம் மனிதர்கள் நின்று பேசும் வீடியோக்களை நொடி நொடியாகப் பார்த்து எழுதியதுதான் என் படிப்பு. கல்யாண மண்டப வாசல், காலேஜ் கேன்டீன், இப்படி. வாசு, நீங்கள் சொன்னதில் ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது: "அவருக்கு நேர் எதிரே இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால்".

நாலைந்து பேர் நின்று பேசும்போது நடுவில் ஒரு காலி இடம் இருக்கும். எல்லோருடைய வயிறும் கால் விரல்களும் அந்த இடத்தைப் பார்த்திருக்கும். அந்த இடத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, ஆனால் அதைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் அதைப் பாதுகாப்பார்கள். அதற்குள் கையை நீட்டித் தட்டு வாங்குவதற்குக்கூட "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுவோம். அந்த இடத்தைச் சுற்றி ஆட்கள் நிற்கிற வளையம் ஒன்று. அந்த வளையத்துக்கு வெளியே, முதுகுப் பக்கம், இன்னொரு இடம். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் 1970களிலிருந்து வீடியோவும் ஃபிலிமும் வைத்து இதைப் பிரித்துக் காட்டினார். நீங்கள் நின்றது மூன்றாவது இடத்தில். அங்கிருந்து கேட்கலாம், பார்க்கலாம், ஆனால் உள்ளே இல்லை.

இப்போது உங்கள் டீக்கடையைப் பாருங்கள். நீங்கள் உள்ளே வர வேண்டுமானால் யார் நகர வேண்டும்? உங்களுக்கு முன்னால் நின்ற அந்த இரண்டு பேர். அவர்களுக்கு உங்களைத் தெரியவே இல்லை, முதுகு காட்டி நிற்கிறார்கள். உங்களை யார் பார்க்கிறார்? எதிரே நிற்கிற ராஜா அண்ணன். அவரோ கதையின் நடுவில் இருக்கிறார், அவரால் உங்களுக்கு இடம் விட முடியாது, கண் மட்டும் உங்கள் மேல் தட்டுப்படும். ஆக, நகர முடிந்தவர்களுக்கு நீங்கள் தெரியவில்லை. தெரிந்தவருக்கு நீங்கள் இடைஞ்சல். இரண்டு நிமிடம் அப்படி நின்றீர்கள் என்றால் அவருக்கும் கதை சொல்வது கொஞ்சம் நெளிவாகத்தான் இருந்திருக்கும்.

அவர்கள் உங்களை ஒதுக்கினார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

வாசு_வடவள்ளி:
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நேர் எதிரே நின்றால் ராஜா அண்ணன் பார்த்து "வாப்பா" என்பார் என்றுதான் அங்கே நின்றேன்.

மல்லிகைத்தெரு:
எல்லோரும் செய்வதுதான். பேசுகிறவரின் கண்ணைப் பிடிக்கப் போகிறோம். பிடிக்க வேண்டியது கேட்டுக்கொண்டிருப்பவரின் கண்ணை. அதிலும் உங்களுக்குக் கொஞ்சம் பழக்கமானவராக இருந்தால் நல்லது. அவர் கண்ணில் நீங்கள் படுகிற மாதிரிப் பக்கவாட்டிலிருந்து வாருங்கள். முதுகுப் பக்கமாக வந்து தோளைத் தட்டினால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார், அதுவே பெரிய குறுக்கீடு. பக்கத்திலிருந்து வந்து, அவர் தோளுக்கு நேராக, ஒரு கை நீளத்தில் நில்லுங்கள். அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில் இருக்கிற காலி இடத்தைப் பாதி பார்த்தபடி நில்லுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். தலையை லேசாக ஆட்டினால் போதும்.

இப்போது அவருடைய முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பாருங்கள். அவர் தலையை மட்டும் திருப்பிச் சிரித்துவிட்டு மறுபடி பேச்சைக் கவனித்தால், அது வணக்கம் மட்டும்தான். ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தாலோ, இடுப்போடு கொஞ்சம் திரும்பினாலோ, உங்களுக்கு இடம் விடுகிறார். அந்த இடத்தில் காலை வையுங்கள். மற்றவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஆளுக்கு அரை அடி நகர்ந்து வட்டத்தைச் சரி செய்துகொள்வார்கள். வீடியோவில் இதைப் பார்க்க அழகாக இருக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனால் ஐந்து பேரும் நகர்ந்திருப்பார்கள்.

பாதம் நகரவில்லை என்றால்? இரண்டு பேர் பேசி முடிக்கிற அளவுக்குக் காத்திருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் டீ மாஸ்டரிடம் போய்விடுங்கள். அப்படிப் போனால் உங்களை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், கடைக்கு வந்தவர் கடைக்குப் போகிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கேயே நிற்பதுதான் நீங்கள் பயப்படுகிற அந்த "ஓரத்தில் தொங்குவது".

சேல்ஸ்_சரவணன்:
எல்லாம் சரி அம்மா, ஆனால் இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?

மல்லிகைத்தெரு:
அங்கேதான் நான் மாறுபடுகிறேன், அண்ணா. பழகியவர்கள் பேசும்போது நீங்கள் நினைக்கிற மாதிரி இடைவெளி வருவதில்லை. 2009இல் பத்து மொழிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். பெரும்பாலும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். டேனிஷ்காரர்கள் சற்று மெதுவாக இருந்தார்கள், ஜப்பானியர்கள் சராசரியில் ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல். தமிழ் அந்தப் பத்தில் இல்லை, ஆனால் நம் டீக்கடை அதைவிட நிதானமானது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒரு வார்த்தையை யோசித்து வாயில் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதாவது அடுத்துப் பேசுகிறவர் முன்னவர் முடிப்பதற்குக் காத்திருப்பதில்லை, முடியப்போகிற இடத்தை முன்கூட்டியே கணித்துத் தயாராகிவிடுகிறார். வெளியே நிற்கிறவர் மௌனம் வரட்டும் என்று காத்திருந்தால், அது வரும்போது பேச்சே முடிந்திருக்கும். வாசு கண்ட ஒரே மௌனமும் அப்படிப்பட்டதுதான். மணி பார்த்தார்கள், டம்ளரை வைத்தார்கள்.

ஆனால் உங்கள் மாநாட்டில் நீங்கள் செய்வது சரிதான். அங்கே எல்லோரும் அந்நியரை எதிர்பார்த்தே நிற்கிறார்கள், மார்பில் பேர்ப்பட்டை தொங்குகிறது. கை நீட்டுவது அங்கே சாதாரணம். தினமும் பார்க்கிற ஆட்களிடம், டீக்கடை வாசலில் கையை நீட்டி "நான் வாசு" என்றால் எல்லோரும் கதையை விட்டுவிட்டு இவரை வரவேற்க வேண்டியதாகிவிடும்.

சேல்ஸ்_சரவணன்:
அது நியாயம். பேர்ப்பட்டை இல்லாத இடத்தில் நானும் தடுமாறியிருக்கிறேன். மாமனார் ஊர்த் திருவிழாவில் ஒரு பெரிய மனுஷக் கூட்டத்தில் கை நீட்டினேன், பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கேலிக்கிளி:
தீர்ப்பு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல.

இடதுகாது_மட்டும்:
எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே. அதனால் நிற்கிற இடம் என்பது எனக்கு மரியாதை விஷயம் மட்டும் இல்லை. வட்டத்தில் நடுவில் போய் மாட்டிக்கொண்டால் வலப்பக்கம் நிற்கிறவர் பேசுவது காற்றில் போய்விடும். ரோட்டுச் சத்தம் வேறு. நான் எப்போதும் வளைவின் ஒரு முனையில், எல்லோரும் என் இடப்பக்கம் வருகிற மாதிரி நிற்பேன். வலக்காது ரோட்டுப் பக்கம் இருக்கட்டும், அதற்கு எப்படியும் ஒன்றும் கேட்காது.

பிரச்சினை, முனையில் நிற்கிறவன் பார்ப்பதற்கு ஓரத்தில் தொங்குகிறவன் மாதிரியே தெரிவான். சிலர் "உள்ள வாங்க, ஏன் அங்கயே நிக்கறீங்க" என்று இழுத்து நடுவில் விட்டுவிடுவார்கள். அன்பாகத்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பேன். "என்ன சொன்னீங்க?" என்று மூன்று தடவைக்கு மேல் கேட்க முடியுமா?

மல்லிகைத்தெரு:
இதை நான் யோசித்ததில்லை. நல்ல விஷயம். முனையில் நின்றாலும் பாதம் உள்நோக்கி இருந்தால் அது உள்ளேதான். பாதம் ரோட்டைப் பார்த்திருந்தால்தான் வெளியாள் மாதிரித் தெரியும். இழுத்துவிடுகிறவரிடம் காதைக் காட்டிச் சொல்லிவிடுவது ஒரே வழி என்று நினைக்கிறேன்.

இடதுகாது_மட்டும்:
சொல்லிவிடலாம். புது ஆட்களிடம் முதல் வார்த்தையே அதுவாக இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இன்னும் வழி தெரியவில்லை.

வாசு_வடவள்ளி:
சரி, எங்கே நிற்பது புரிந்தது. எப்போது போவது? நான் இறங்கும்போது எப்போதும் யாராவது கதையின் நடுவில்தான் இருக்கிறார்கள்.

மல்லிகைத்தெரு:
கதை நடுவில் இருக்கும்போது போகாதீர்கள் என்பதுதான் பதில். கதை சொல்கிறவர் ஆரம்பத்தில், "நம்ம போர் போட்டோம்ல, அது என்ன ஆச்சு தெரியுமா" என்று ஒன்று போடுவார். அதைக் கேட்டவர்கள், கதை முடியும்வரை நடுவே பேசாமல் இருக்க ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த நேரத்தில் நீங்கள் போய் வணக்கம் சொன்னால் அவர் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். கதை ஒரு இடத்தில் உச்சத்துக்கு வரும், எல்லோரும் சிரிப்பார்கள், "அய்யய்யோ" என்பார்கள், ரெண்டு மூணு பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். அந்த மூன்று நாலு நொடியில் பேச்சு யார் கையிலும் இல்லை. ஆட்கள் தலையைத் திருப்புவார்கள், காலை மாற்றி நிற்பார்கள், டீயைக் குடிப்பார்கள். அப்போது நீங்கள் வந்து நின்றால் குறுக்கிட எதுவும் இல்லை, எல்லோரும் எப்படியும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதுவரை என்ன செய்வது? கடையில் நில்லுங்கள். டீ சொல்வதற்கு, சர்க்கரை கம்மி என்பதற்கு, சில்லறை வாங்குவதற்கு நேரம் ஆகும். கடையைப் பார்த்து நிற்கிறவனை யாரும் ஒட்டுக்கேட்கிறான் என்று நினைப்பதில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டதும் டம்ளரோடு நடங்கள். போனைவிட டம்ளர் எவ்வளவோ மேல். போன் வைத்திருப்பவனைப் பார்த்தால் வேறு வேலையில் இருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.

ஒன்று மட்டும். கேட்காத ஜோக்குக்கு சத்தமாகச் சிரிக்காதீர்கள். புன்னகை போதும். யாராவது, "உனக்கு என்ன தெரியும்னு சிரிக்கற" என்று விளையாட்டாகக் கேட்டால்கூட முகம் சுருங்கிவிடும்.

நித்யா_கே:
படித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் ஆண்கள் வட்டத்துக்கு ஆண் போவது பற்றி இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் டீமில் நான் மட்டும்தான் பெண். நான் பக்கத்தில் போய் நின்றால் பாதம் நகராத பிரச்சினையே இல்லை. நாலு பேரும் இரண்டு அடி பின்னால் போவார்கள். வட்டம் இவ்வளவு பெரிசாகிவிடும், நடுவில் ஆட்டோ திருப்பலாம். பேச்சும் மாறிவிடும். "சாப்டீங்களா மேடம்?", "வொர்க் எப்படிப் போகுது?" என்று. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கிரிக்கெட், நானும் கிரிக்கெட் பார்க்கிறவள். இடம் கிடைக்கிறது, பேச்சு கிடைக்கவில்லை. இதற்கு உங்கள் ஆய்வில் வழி இருக்கிறதா?

மல்லிகைத்தெரு:
நேர்மையாகச் சொல்கிறேன், அதில் நிற்கிற இடத்தை மாற்றிச் சரி செய்ய எதுவும் இல்லை. நீங்கள் சொல்வது நான் வீடியோவில் பார்த்ததும்தான். கதவைத் திறந்துவிட்டு உள்ளே இருந்த சாமானை எடுத்து மறைத்துவிடுகிறார்கள்.

நித்யா_கே:
நானே கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. சேர்வதை விட்டுவிட்டேன். முதல் ஆளாக இறங்கிவிடுவேன். நான் நிற்கிற இடத்துக்கு அவர்கள் வருகிறார்கள், வட்டம் என்னைச் சேர்த்தே உருவாகிறது. அப்போது பேச்சு மாறுவதில்லை, ஏனென்றால் பேச்சு தொடங்கும்போதே நான் இருக்கிறேன். பத்து நாளில் ஏழு நாள் வேலை செய்கிறது. மீதி மூன்று நாள் எனக்கு மீட்டிங்.

வாசு_வடவள்ளி:
எனக்கு அது முடியாது, பில் கட்டு முடியாமல் எழுந்திருக்க முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை வேலை கம்மி, முயன்று பார்க்கிறேன்.

பெரியசாமி_பொள்ளாச்சி:
மன்னிக்கவும், நான் கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன். எங்கள் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம். புதிதாக வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரும்போது யாராவது ஒருவர் "நம்ம ரைஸ்மில் விஷயம் பேசிட்டிருக்கோம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடருவார். வந்தவர் அதற்கு முன் வாய் திறக்க மாட்டார். அது இப்போது இல்லையா?

மல்லிகைத்தெரு:
ஐயா, நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்ததில் முக்கியமானதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் அடையாளம். வந்தவருக்காக யாராவது பேச்சைச் சுருக்கிச் சொன்னால், இவர் இனிமேல் நம்மில் ஒருவர் என்று அர்த்தம். வாசு, நீங்கள் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டது தப்பான கேள்வி இல்லை. அதைக் கதை சொல்கிறவரிடம், எல்லோருக்கும் கேட்க, வெளியிலிருந்து கேட்டதுதான் சிக்கல். அவர் எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டும், மற்ற நாலு பேரும் காத்திருக்க வேண்டும். அதே கேள்வியைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் மெதுவாகக் கேளுங்கள். "எந்த வீடு?" அவர் தலையைச் சாய்த்து "வடவள்ளி சைட்" என்பார். முடிந்தது, பெரிய பேச்சு நிற்கவில்லை.

முதல் தடவை எல்லோருக்கும் கேட்கப் பேசுவது, ஓடுகிற பேச்சில் தொங்குகிற ஒரு நூலைப் பிடித்துக் கேட்கிற சின்னக் கேள்வியாக இருக்கட்டும். "அப்புறம் ரிக் காரன் எவ்வளவு வாங்கினான்?" அது பேச்சை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது. "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். அது இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு.

வாசு_வடவள்ளி:
ஆறு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம்.

செவ்வாய்க்கிழமை. இறங்கும்போது நாலு பேர். ராஜா அண்ணன், பக்கத்து மேசை பிரகாஷ், இன்னும் இரண்டு பேர். யாரோ கோர்ட்டில் வாய்தா வாங்கிய கதை ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராகக் கடைக்குப் போய் டீ சொன்னேன். மாஸ்டர் ஆற்றிக் கொடுப்பதற்குள் பின்னால் சிரிப்பு வெடித்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு பிரகாஷின் இடப்பக்கமாக நடந்தேன், அவர் கண்ணில் படுகிற மாதிரி. தோளுக்கு நேராக நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பிறகு இடது காலைப் பின்னுக்கு வைத்தார். சொன்ன மாதிரியே! நான் காலை வைத்தேன். ராஜா அண்ணன் பேச்சை நிறுத்தவே இல்லை. பிரகாஷிடம் மெதுவாக "யாரு கேஸ்?" என்றேன். "இவரோட மச்சான், வாய்க்கால் தகராறு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "அப்ப வாய்க்கால் யாரு பேர்ல இருக்கு?" என்று ராஜா அண்ணனைப் பார்த்துக் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி ரெண்டு நிமிஷம் பேசினார். அவ்வளவுதான். டீ ஆறிப்போயிருந்தது, அதை அப்போதுதான் கவனித்தேன்.

புதன்கிழமை சொதப்பினேன். உள்ளே போனது நன்றாகத்தான் நடந்தது, ஆனால் பேச்சு ஏதோ லோன் பற்றி, நான் என் அண்ணன் வாங்கிய வீட்டு லோன் கதையைத் தொடங்கி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டேன். பிரகாஷ் பக்கத்தில் இருந்தவரிடம் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் ராஜா அண்ணனுக்கு மட்டும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மல்லிகைத்தெரு:
புதன்கிழமையில் பாதிதான் உங்கள் தப்பு. நீங்கள் சேர்ந்ததும் ஐந்து பேர் ஆகியிருப்பீர்கள். நாலு பேர்வரை ஒரே பேச்சு தாங்கும். ஐந்தாவது ஆள் வந்தால் பெரும்பாலும் இரண்டாக உடையும். ராபின் டன்பாரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கேன்டீன் மாதிரி இடங்களில் எண்ணிப் பார்த்து. ஆகவே ஐந்து பேர் இருக்கிற வட்டத்தில் சேரும்போது பெரிய பேச்சில் இடம் தேட வேண்டாம். ஓரமாக நிற்கிறவர், கதையில் அவ்வளவாக ஒட்டாமல் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருப்பவர், அவர் பக்கத்தில் நின்றால் இரண்டு நிமிடத்தில் உங்களுக்கென்று ஒரு சின்னப் பேச்சு உண்டாகிவிடும்.

சேல்ஸ்_சரவணன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராஜா அண்ணன் மாதிரி ஆள் பேசினால் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். எங்கள் ஏரியா மேனேஜர் கதை சொன்னால் பதினைந்து பேர்.

மல்லிகைத்தெரு:
கேட்பார்கள், அது பேச்சு இல்லை அண்ணா, கதாகாலட்சேபம். அதில் சேர்வதற்கு இடம் பார்க்கவே வேண்டாம், பின்னால் நின்று கேட்கலாம். ஆனால் அவர் மேனேஜர் என்பதால் நிற்கிறார்களா, கதைக்காக நிற்கிறார்களா என்பது வேறு விஷயம்.

சேல்ஸ்_சரவணன்:
அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர் இந்தப் பக்கம் வரலாம்.

வாசு_வடவள்ளி:
வியாழக்கிழமை வேறு ஒன்று நடந்தது. மூன்று பேர் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பிரகாஷ் "சரி, வெயில் இன்னைக்கு ஜாஸ்தி" என்றார். நான் "ஆமாங்க, ஒரு டீ சொல்லிட்டு வர்றேன்" என்று கடைக்குப் போய்விட்டேன். திரும்பிப் போகவில்லை. சரியாகச் செய்தேனா? என்னைப் பற்றித்தான் பேசினார்களோ என்று ராத்திரி முழுக்க யோசனை.

நித்யா_கே:
வெயில் வந்தால் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு "சாப்டீங்களா" எப்படியோ உங்களுக்கு வெயில்.

மல்லிகைத்தெரு:
சரியாகவே செய்தீர்கள். பேச்சு நிற்பது மட்டும் அடையாளம் இல்லை, திண்ணைப் பேச்சிலும் வந்தவருக்காக நிற்கும். நின்ற பிறகு என்ன வருகிறது என்று பாருங்கள். "வாய்தா கதை ஓடுது" என்று சுருக்கம் வந்தால் நில்லுங்கள். வெயிலும் மழையும் வந்தால் டீ சொல்லப் போய்விடுங்கள். உங்களைப் பற்றித்தானா என்பதைச் சொல்ல வழியே இல்லை. ஒருவர் சம்பளம், ஒருவர் வீட்டுச் சண்டை, யார் வேலையை விடப்போகிறார், மூன்று பேர் நெருங்கி நிற்க நூறு காரணம் இருக்கிறது.

இடதுகாது_மட்டும்:
எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை, என்னைப் பற்றிப் பேசினாலும் பாதிதான் கேட்கும்.

கேலிக்கிளி:
பஜ்ஜி விஷயம் கடைசியில் வரும் என்றார்கள். காத்துக்கொண்டிருக்கிறேன்.

மல்லிகைத்தெரு:
மறந்தே போனேன். தட்டோடு வருகிறவர் நடுவில் இருக்கிற அந்தக் காலி இடத்துக்குள் கையை நீட்ட உரிமையோடு வருகிறார். எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்புவார்கள், எடுக்கும்போதே நகர்வார்கள். நன்றாக வேலை செய்யும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் வாரத்தில் இரண்டு தடவை எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினால் அது ஒரு வழக்கமாகிவிடும், அப்புறம் தட்டு இல்லாமல் வரும்போது அவருக்கே கூச்சமாக இருக்கும். மாதத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த அன்றைக்கு, சரி.

பெரியசாமி_பொள்ளாச்சி:
வாழைக்காய் பஜ்ஜி நல்லது. மிளகாய் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது.

வாசு_வடவள்ளி:
நேற்று வெள்ளிக்கிழமை, நித்யா சொன்ன மாதிரி முதல் ஆளாக இறங்கினேன். பிரகாஷும் இன்னும் இரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது எங்கள் பெரிய ஆடிட்டர் கீழே வந்தார். அவர் வழக்கமாக வரமாட்டார். அவர் வந்ததும் வட்டம் தானாகத் திறந்தது, ஆனால் வட்டமாகவே இல்லை, நாங்கள் நாலு பேரும் ஒரு வரிசையாகி அவரைப் பார்த்து நின்றோம். அவர் "என்ன பேசிட்டு இருந்தீங்க?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. பிரகாஷ் "வெயில் பத்தி சார்" என்றார்.

அவர் அரை நிமிடம் நின்றார், டீயைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கே நிற்பது என்று தெரியாத மாதிரி. பிறகு போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். முதலில் இங்கே கேள்வி கேட்ட அன்றைக்கு நான் நின்ற அதே இடத்தில்.

மல்லிகைத்தெரு:
திங்கட்கிழமை அவர் மறுபடி வந்தால் யார் பாதத்தை நகர்த்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். மேலிருந்து வருகிறவர் பக்கம் எனக்குப் பதிவுகளே இல்லை.